மார்கழி மாலைக்கு வெனிலா, கேரமல், காபி வாசனை: வடசென்னையில் தேர்ந்தெடுத்துப் பூசும் முறை

வெனிலா, கேரமல், காபி போன்ற தின்பண்ட வாசனைகளை அடிப்படையாகக் கொண்ட பர்ஃப்யூம்களைக் கோர்மாண்ட் வகை என்பார்கள். அவற்றுள் ஒன்றை, கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முடியும் வரையுள்ள மாலைகளுக்கெனத் தேர்ந்தெடுத்துச் சரியான அளவில் பூசிக்கொள்வது எப்படி என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு உறவினர்களுக்கும் தோழிகளுக்கும் இதில் பலமுறை துணை நின்றிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பாட்டிலை முதலில் வாங்கிவிடுகிறார்கள். எந்த வேளையில், எவ்வளவு, உடம்பில் எங்கே என்பதைப் பிறகு யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தவறுகள் நின்றுவிடும். அதனால்தான் பாட்டில் வாங்கும் பேச்சு இங்கே ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

முதலில், வாசனையில்லாத சோப்பு ஒன்று வேண்டும். சந்தன சோப்போ மூலிகை சோப்போ போட்டுக் குளித்த கையில் பர்ஃப்யூமைச் சோதித்தால், இரண்டும் கலந்த மூன்றாவது வாசனைதான் கிடைக்கும். நீங்கள் வாங்கப்போவது அதுவல்ல.

பிறகு, சோதிக்க நினைக்கும் ஒவ்வொரு பர்ஃப்யூமிலும் 2 மில்லி சாம்பிள். ஒரு ஸ்ப்ரேயில் ஏறக்குறைய 0.1 மில்லி வெளிவருவதால், 2 மில்லி என்பது இருபது அழுத்தல் வரை வரும். ஒரு வாரச் சோதனைக்கு இது போதும். உறிஞ்சும் தன்மையுள்ள வெள்ளைக் காகிதப் பட்டைகளும், நேரத்தைக் குறித்துக்கொள்ள ஒரு சிறு நோட்டும் இருக்கட்டும். நோட்டு எதற்கு என்று பலர் கேட்பார்கள். இனிப்பு வாசனை நான்கு மணி நேரத்தில் மூன்று முறை முகம் மாறும். மறுநாள் நினைவில் நிற்பது முதல் முகம் மட்டும்தான்.

சோதனை செய்யும் மாலைகளில் தலையில் மல்லிகைப்பூ வேண்டாம்; புதிதாகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். மல்லிகையின் கனத்த மணத்துக்கு முன்னால் வெனிலாவின் மெல்லிய பகுதிகள் மூக்குக்கு எட்டாமலே போய்விடும். தோலில் எளிதாகத் தடிப்பு வருபவர்கள், முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறு துளி வைத்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

2. மூன்று வாசனைகளையும் அடுக்களையில் தனித்தனியே பழகுதல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். கடையில் முகர்ந்துவிட்டு "இனிப்பா இருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்பதற்குக் காரணமும் இதுதான். இனிப்பு என்பது ஒரே வாசனை அல்ல. எந்த இனிப்பு நமக்கு ஒத்துவருகிறது, எது தலையை வலிக்கச் செய்கிறது என்று பிரித்தறிய மூக்கைப் பழக்க வேண்டும். அதற்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன.

வெனிலாவிலிருந்து தொடங்குங்கள். கேக்குக்குப் போடும் வெனிலா எசென்ஸில் காகிதப் பட்டையின் நுனியை நனைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு முகருங்கள். அந்த நேரான, பால் இனிப்பான மணம் வெனிலின் என்னும் பொருளுடையது. அடுத்து, நாட்டு மருந்துக் கடையில் கட்டிச் சாம்பிராணி வாங்கி, கொளுத்தாமல் உள்ளங்கையில் நொறுக்கி முகர்ந்து பாருங்கள். புகையாக மட்டுமே அதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அதிலும் ஒரு வெனிலாச் சாயல், கூடவே பிசினுக்கே உரிய வெதுவெதுப்பு. பர்ஃப்யூம் உலகில் பென்சோயின் என்று குறிப்பிடுவது இந்தச் சாம்பிராணியைத்தான். பல வெனிலாப் பர்ஃப்யூம்களின் அடித்தளம் இதுவே. கரித்தூளோடு கலந்து அச்சில் வார்த்த கம்ப்யூட்டர் சாம்பிராணி இந்தப் பயிற்சிக்கு உதவாது. கட்டியாகவே கேட்டு வாங்குங்கள்.

கேரமலுக்கு, இரண்டு கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுச் சிறுதீயில் வையுங்கள். ஓரத்தில் உருகத் தொடங்கும்போது பஞ்சு மிட்டாய் மணம் எழும். தேன் நிறம் வரும்போது மணம் ஆழமாகி, சிவந்து கருக்கத் தொடங்கும்போது கசப்பு கலந்து தொண்டையைத் தொடும். கேரமல் என்ற பெயரில் விற்கும் பர்ஃப்யூம்களும் இந்த மூன்று நிலைகளில் ஏதோ ஒன்றில்தான் நிற்கின்றன. முதல் நிலையில் நிற்பவற்றில் எத்தில் மால்டால் என்னும் பொருள் மிகுந்திருக்கும். பஞ்சு மிட்டாய் மணம் அதனுடையதே. கடைசி நிலையை நெருங்குபவை நம் ஊர் மாலைக்கு அதிகம் பொருந்துகின்றன என்பது என் கணிப்பு. காரணத்தை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

இங்கே இன்னொரு பொருளையும் தெரிந்துகொள்ள வேண்டும். சோட்டலோன் என்னும் பொருள் மிகக் குறைந்த அளவில் கேரமலாகவும் வெல்லப்பாகாகவும் மணக்கும்; அளவு கூடினால் வெந்தயமாக மணக்கும். வெந்தயத்தின் முதன்மை மணமே அதுதான். ஒரு கேரமல் பர்ஃப்யூமை முகர்ந்தவுடன் வெந்தயக் குழம்பு நினைவுக்கு வந்தால், உங்கள் மூக்கைச் சந்தேகப்பட வேண்டாம். அது சரியாகத்தான் சொல்கிறது. வேறு ஊர்களில் அது மேப்பிள் பாகாகத் தெரியலாம்; நம் வீட்டில் வளர்ந்த மூக்குக்கு அது வெந்தயம்தான்.

காபிக்கு, சிக்கரி கலக்காத பொடியை வாங்குங்கள். சிக்கரிக்கு வேர் வறுத்த மண் மணம் உண்டு; பர்ஃப்யூமில் வரும் காபி பெரும்பாலும் வறுத்த கொட்டையின் காபி, நம் ஃபில்டரின் காபி அல்ல. புதிதாக அரைத்த பொடியை ஒரு தட்டில் பரப்பி உடனே ஒருமுறை முகர்ந்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் முகருங்கள். முதல் நாள் மூக்கைத் தூக்கிய கூர்மை அடங்கிப்போய், தட்டையான கசப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். வறுத்த காபிக்கு உயிர் கொடுக்கும் கந்தகம் கலந்த பொருள்கள் காற்றுப் பட்டவுடன் விரைவில் சிதைந்து போவதே காரணம். பாட்டிலின் மேல் காபி என்று எழுதியிருந்தாலும், உடம்பில் காபி தெளிவாகத் தெரிவது முதல் அரைமணி, ஒரு மணி நேரம்தான் என்பதை இந்தத் தட்டே சொல்லிவிடும். அதன் பிறகு அந்த இடத்தை வெனிலாவும் மரவாசனைகளும் பிடித்துக்கொள்ளும்.

3. பாட்டிலுக்கு முன் வேளையை முடிவு செய்தல்

இனிப்பு வாசனை குளிர்ந்த மாலையில் ஏன் பொருந்துகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் புரிந்துகொண்டால், எந்த வேளையில் போடலாம், எந்த வேளையில் கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் காரணம் வெப்பம். வெனிலின், எத்தில் மால்டால் போன்றவை மெதுவாக ஆவியாகும் பொருள்கள். இத்தகைய பொருள்களின் ஆவியழுத்தம் பத்து டிகிரி ஏறினால் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை உயரும். மே மாதத்தில் 38 டிகிரியில் துணியில் விழுந்த துளி, ஜனவரி மாலையில் 25 டிகிரியில் விழுந்த அதே துளியைவிடப் பல மடங்கு வேகத்தில் தன் இனிப்பைக் கொட்டிவிடும். வெயிலில் இனிப்பு ஒரே மூச்சில் எழுந்து, வியர்வையோடு கலந்து, பிசுபிசுப்பாகத் தோன்றுவது இதனால்தான். மாலைக் குளிரில் அது நூல் நூலாகப் பிரிந்து வரும். கிட்டே வந்தவருக்குத் தெரியும், தள்ளி நிற்பவரைத் தாக்காது.

இரண்டாவது காரணம் பழக்கம். இனிப்பு என்பது நாக்கின் சுவை. மூக்குக்கு இனிப்பு என்று ஒன்று கிடையாது. வெனிலா "இனிப்பாக" மணப்பதற்குக் காரணம், நாம் அதை எப்போதும் சர்க்கரையோடு சேர்த்தே உண்டு பழகியதுதான். வேளையும் அதே வழியில்தான் வாசனையோடு ஒட்டிக்கொள்கிறது. டிசம்பர் பிறந்ததும் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் கிறிஸ்துமஸ் கேக் சுடும் வீடுகளைக் கடந்து நடந்தவர்களுக்கு, வெனிலாவும் கருகிய சர்க்கரையும் அந்தக் குளிரோடு சேர்ந்தே நினைவில் பதிந்திருக்கின்றன. மார்கழி விடியலில் கோலம் போட்டுவிட்டுக் கையில் ஏந்திய காபி டம்ளரும், பொங்கலுக்குக் காய்ச்சிய வெல்லப்பாகும் அவ்வாறே. உடல் வெதுவெதுப்பைத் தேடும் வேளையில், அடுப்பங்கரையை நினைவூட்டும் மணம் இதமாக இருப்பதில் வியப்பில்லை.

புதியவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. நமக்குக் குளிர் என்பது இரவில் 20, 21 டிகிரி. மாலை ஏழு மணிக்கு 25 டிகிரி அளவு, அதுவும் கடலோர ஈரக்காற்றோடு. இந்தப் பர்ஃப்யூம்கள் பலவற்றுக்குப் பிறப்பிடமான பாரிசில் ஜனவரி மாலை ஐந்தாறு டிகிரிதான் இருக்கும். அந்த ஊர் ரசிகர்கள் "குளிர்காலத்துக்கு ஐந்து ஸ்ப்ரே" என்று சொல்வது அவர்களுடைய குளிருக்கும், அடுக்கடுக்காக அணியும் கம்பளி உடைகளுக்கும் பொருத்தமானது. நம்முடைய குளிர் அவர்களுடைய கோடை மாலை. ஆகவே இரண்டு திருத்தங்களைச் செய்தாக வேண்டும்: அளவைப் பாதிக்கும் கீழே குறைப்பது ஒன்று, இனிப்புக்கு எதிர்க்கட்டாகக் கசப்போ மரமோ உள்ளதைத் தேர்ந்தெடுப்பது மற்றொன்று. கருகும் நிலைக் கேரமல் நமக்குப் பொருந்தும் என்று மேலே சொன்னதும் இதனால்தான்.

ஆகவே, சூரியன் மறைந்த பிறகு வெளியே கிளம்பும் நாள்களை மட்டும் இந்த வாசனைக்கு ஒதுக்குங்கள். பகல் திருமணத்துக்கும், மதிய வெயிலில் எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போவதற்கும் இது வேண்டாம். மழை விட்ட நவம்பர் மாலை கூடப் புழுக்கமாக இருந்தால் ஒத்திவைப்பதே நல்லது.

4. காகிதத்தில் சோதித்தல்

கடைக்கு ஒருமுறை போனால் மூன்று பர்ஃப்யூம்களுக்கு மேல் முகர வேண்டாம். இனிப்பு வாசனைகள் மூக்கை விரைவில் சோர்வடையச் செய்யும். நான்காவது பட்டையும் மூன்றாவதைப் போலவே தோன்றத் தொடங்கும்.

ஒவ்வொரு பட்டையிலும் பெயரையும் நேரத்தையும் எழுதிய பிறகே ஸ்ப்ரே செய்யுங்கள். எழுதாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பி, எது எதுவென்று தெரியாமல் விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் ஒரு நிமிடம் ஆல்கஹால் நெடியே முன்னால் நிற்கும். அப்போது முகர்வதில் பயனில்லை. பத்து நிமிடத்தில் ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை முகருங்கள். நீங்கள் அதிக நேரம் உடன் வாழப்போவது மறுநாள் காலையில் மிஞ்சியிருக்கும் அந்த மணத்தோடுதான்.

கடைகளில் நடுவே முகர்வதற்கு ஒரு கிண்ணத்தில் காபிக் கொட்டை வைத்திருப்பார்கள். அதைத் தொடாதீர்கள். சாதாரணக் காற்றைவிட அது மூக்கை அதிகமாகத் தெளிவிக்காது. காபிப் பர்ஃப்யூமைச் சோதிக்கும்போது கெடுதலே செய்யும். ஒரு மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதை மட்டும் கேளாமல் விட்டுவிடும். கொட்டையை முகர்ந்த மூக்குக்கு அடுத்த பட்டையில் உள்ள காபி தெரியாது, வெறும் வெனிலாவாகவே தோன்றும். உங்கள் முழங்கை மடிப்பையோ புடவைத் தலைப்பையோ முகர்ந்துவிட்டு, இரண்டு நிமிடம் வெளியே போய் நின்றால் போதும்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு மூன்று பர்ஃப்யூம்களை அடையாளக் கற்களாகச் சொல்லலாம். 1992இல் வந்த ஏஞ்சல், பஞ்சு மிட்டாய் இனிப்பையும் பச்சோலி என்னும் வாசனை இலையின் மண் கசப்பையும் எதிரெதிரே நிறுத்தியது. 2011இல் வந்த பிராடா கேண்டி, கேரமலையும் பென்சோயினையும் சேர்த்தது. 2014இல் வந்த பிளாக் ஓபியம், காபியையும் வெனிலாவையும் வெள்ளைப் பூக்களோடு கட்டியது. வாங்குவதற்காக அல்ல, வரைபடத்தில் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அறிவதற்காக இவற்றை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

5. தோலில், நம் தெருவில், நம் மாலையில் சோதித்தல்

ஏசி கடைக்குள் முகர்ந்து அங்கேயே பணம் கட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. கடையின் உலர்ந்த குளிர்காற்று இனிப்பை அடக்கி, அழகாகக் காட்டும்; வெளியே வந்த பிறகு அதே வாசனை வேறு உயரத்தில் பேசும். காகிதத்தில் தேறியவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மாலைக்கு ஒன்றாக, முன்கையின் உட்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்ப்ரே செய்து வெளியே நடந்து வாருங்கள். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். தேய்க்கும் சூட்டில் விரைவில் ஆவியாகும் மேல்மணம் சீக்கிரம் போய்விடும், காபி முதலில் கிளம்பும்.

என் அக்கா மகளுக்கு ஒரு டிசம்பரில் தேர்ந்தெடுத்ததை அப்படியே சொல்கிறேன். பெரம்பூரில் தோழி வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு கடையில் ஏசி குளிரில் முகர்ந்த கேரமல் பர்ஃப்யூமை உடனே வாங்கிவிட்டு வந்து, மாலை நான்கு மணிக்குக் கழுத்திலும் கையிலுமாக ஐந்து ஸ்ப்ரே போட்டுக்கொண்டு நெரிசலான பேருந்தில் ஏறியிருக்கிறாள். இறங்கும்போது அவளுக்கே தலைவலி. என்னிடம் கையை நீட்டி, "சித்தி, கடையில அல்வா மாதிரி இருந்துச்சு, இப்ப பாருங்க, வெந்தயம் ஊறப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள். உண்மையில் அப்படித்தான் இருந்தது. வெயிலின் மிச்சச் சூடும் ஐந்து மடங்கு அளவும் சேர்ந்து, கேரமலாக இருந்திருக்க வேண்டியதை வெந்தயத்தின் பக்கம் தள்ளிவிட்டன.

அந்தப் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு சாம்பிள்களை வாங்கினோம்: ஒன்று வெனிலாவும் சாம்பிராணியும், மற்றொன்று காபியும் வெனிலாவும் அடியில் பச்சோலியும். முதல் மாலை வெனிலா. ஏழு மணிக்கு ஒரு ஸ்ப்ரே. ஏழரைக்கு மென்மையாக, ஒன்பது மணிக்குச் சிறிது பவுடர் போல, பதினொன்றுக்கும் தோலருகே இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு மணி நேரம் ஒரே சுருதியில் நின்றதாக அவள் நோட்டில் எழுதினாள். இரண்டாம் மாலை காபி. ஏழு மணிக்கு வறுத்த கொட்டையின் கூர்மை. ஏழே முக்காலுக்கு அது கரைந்து, பால் விட்ட காபி போல வெனிலா உள்ளே வந்தது. ஒன்பது மணிக்குக் காபி போய்விட்டது, இனிப்புக்குக் கீழே பச்சோலியின் ஈர மண் கசப்பு மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் நின்று கையை முகர்ந்தவள், "இதுதான்" என்றாள். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. தனி இனிப்பு 25 டிகிரியில் தளர்ந்து வழியும். கசப்பு அதற்கு முதுகெலும்பாக நிற்கும்.

இன்னொரு சோதனையையும் செய்யச் சொன்னேன். வடசென்னையில் மாலைக் காற்றில் வேறு மணங்களும் உண்டு. காசிமேட்டுப் பக்கம் மீன், மணலிப் பக்கம் காற்று திரும்பினால் ஆலை நெடி. இனிப்பு வாசனை இவற்றை மறைக்காது. இரண்டும் தனித்தனியே மூக்கில் ஏறி, இனிப்பு அழுகியது போல் தோன்றச் செய்யும். நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். காபியும் மரமும் அடியில் உள்ளவை இந்தக் கலப்பை ஓரளவு தாங்கும். வெறும் பஞ்சு மிட்டாய் தாங்காது.

6. அளவு, இடம், நேரம்

ஓ டி பர்ஃப்யூம் என்று எழுதியிருந்தால் இரண்டு ஸ்ப்ரே போதும். மூன்று என்பது திறந்த வெளியில் நடக்கும் விருந்துக்கு மட்டும். அத்தராக இருந்தால் ஒரு சொட்டை இரண்டு இடங்களில் தொட்டு வைக்க வேண்டும். ஆல்கஹால் இல்லாத எண்ணெய் மெதுவாக எழுந்து நெடுநேரம் நிற்கும், அரைமணி கழித்துத் தெரியவில்லையே என்று மீண்டும் தொட்டால் பிறகு குறைக்க வழியில்லை.

கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பு, குளித்துத் துவட்டி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை மெல்லத் தடவிய தோலில், உடை உடுத்துவதற்கு முன் போடுங்கள். வறண்ட தோலைவிட இத்தகைய தோலில் வாசனை கூடுதல் நேரம் நிற்கும். அரைமணி இடைவெளி எதற்கென்றால், ஆல்கஹால் நெடியும் முதல் வேக இனிப்பும் வீட்டிலேயே அடங்கிவிட வேண்டும். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்பவர் அதைச் சுமக்கக் கூடாது.

கழுத்தை விட்டுவிட்டு, நெஞ்சுக்குக் கீழேயும் முழங்காலின் பின்புறமும் தேர்ந்தெடுங்கள். கழுத்தில் போட்டது நாள் முழுவதும் உங்கள் மூக்குக்கு நேர் கீழே இருப்பதால், ஒரு மணி நேரத்தில் உங்கள் மூக்கு அதைக் கேட்பதை நிறுத்திவிடும். "போயிடுச்சு" என்று நினைத்து மறுபடி போடுவதே அளவு மீறுவதற்கு முதல் காரணம். சந்தேகம் வந்தால் கையை முகராமல், வீட்டில் இருப்பவர் ஒருவரை ஒரு முழம் தள்ளி நின்று சொல்லச் சொல்லுங்கள்.

துணியில் போடுவதில் எச்சரிக்கை வேண்டும். வெனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டு நாளடைவில் மஞ்சளாகி, பழுப்பாகும் இயல்புடையது. வெள்ளை வேட்டியிலும் வெளிர் நிறப் பட்டிலும் விழுந்த துளி அப்போதைக்குத் தெரியாது. சில மாதம் கழித்துப் பீரோவிலிருந்து எடுக்கும்போது கறையாக நிற்கும். துணியில்தான் வேண்டும் என்றால் அடர்நிறப் பருத்தித் துணியின் உட்பக்கம் போடுங்கள்.

தலையில் பூ வைக்கும் நாளில் ஒரு ஸ்ப்ரேயைக் குறைத்து, அதையும் இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகையும் வெனிலாவும் இரண்டுமே கனமானவை. ஒரே உயரத்தில் சந்தித்தால் மூச்சு முட்டும். கார்த்திகை தீப மாலையில் இன்னொரு கவனமும் சேர்கிறது: ஸ்ப்ரேயில் பெரும்பகுதி ஆல்கஹால் என்பதால், அகல் வரிசைக்கோ சாம்பிராணித் தணலுக்கோ அருகில் அழுத்தக் கூடாது. போட்டு உலர்ந்த பிறகே விளக்கேற்றப் போங்கள்.

7. கோடையைத் தாண்டிப் பாட்டிலைக் காத்தல்

இந்த வாசனையை ஆண்டில் மூன்று மாதம்தான் போடப்போகிறோம். மீதி ஒன்பது மாதத்தில் ஏப்ரலும் மே மாதமும் இருக்கின்றன. ஷீட் கூரை வீட்டில் மேல் பரணிலும், மேற்கு வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலும், குளியலறையிலும் வைக்காதீர்கள். பெட்டியோடு சேர்த்து, பீரோவின் அடித்தட்டில், துணிகளுக்குப் பின்னால் வைத்தால் போதும். தரைக்கு அருகில் சூடு குறைவு, வெளிச்சமும் எட்டாது.

அடுத்த கார்த்திகையில் எடுக்கும்போது திரவம் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கலாம். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். துணியில் கறையான அதே வெனிலின் பாட்டிலுக்குள்ளும் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். நிறத்தை விட்டுவிட்டு ஒரு காகிதப் பட்டையில் போட்டு, பழைய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதே நேரங்களில் முகருங்கள். முதல் பத்து நிமிடம் மட்டும் சற்றுப் புளிப்பாகவோ மங்கலாகவோ தோன்றி, ஒரு மணி நேரத்தில் பழைய குறிப்போடு ஒத்துவந்தால், மேல்மணம் மட்டுமே தேய்ந்திருக்கிறது. அரைமணிக்குப் பதில் முக்கால் மணி முன்னதாகப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஒரு மணி நேரம் கழிந்தும் நெயில் பாலிஷ் நெடியோ, பழைய எண்ணெய்ச் சிக்கோ போகவில்லை என்றால், அந்தப் பாட்டிலைத் தோலில் பயன்படுத்த வேண்டாம்.